பீஸ் ரேட்டில் தைப்பவர் தொழிலாளியா, கான்ட்ராக்டரா? எல்லையோரத் தையல் யூனிட்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாளையாரிலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வரைக்கும் எல்லையை ஒட்டி, திருப்பூர் ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் சுற்றிச் சுற்றி வருவது ஒரே சந்தேகம்தான். ஆள் நம்ம ஆளா, வெளி ஆளா? இதைத் தப்பாகப் போட்டால் வருமான வரியில் வரும் அடி சிறியது. பி.எஃப்.பிலும் இ.எஸ்.ஐ.யிலும் வருவதுதான் யூனிட்டையே அசைத்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆறு டெய்லருங்க பீஸ் ரேட்ல தைக்கிறாங்க சார். மாசச் சம்பளம் கிடையாது. வவுச்சர்ல "கான்ட்ராக்ட் கூலி"ன்னு எழுதி, ஒரு பர்சென்ட் டி.டி.எஸ். பிடிச்சுத்தான் குடுக்கறோம். அப்ப அவங்க கான்ட்ராக்டர்தானே?

இல்லை. பீஸ் ரேட் என்பது கூலியைக் கணக்குப் போடும் ஒரு முறை, அவ்வளவுதான். நாள் கூலி, வாரக் கூலி, மாசச் சம்பளம் போல அதுவும் ஒன்று. ஒரு பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கொடுப்பதாலேயே ஒருவர் தனித் தொழில் நடத்துகிறவர் ஆகிவிட மாட்டார்.

நம் தொழிலிலேயே இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 1973-இல் முடிவான சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு, ஆந்திரத்துத் தையல் கடை ஒன்றைப் பற்றியது. அந்தக் கடையின் டெய்லர்களுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. இத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலர் துணியை வீட்டுக்குக் கொண்டு போயும் தைத்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கடையின் தொழிலாளர்கள்தான் என்று நீதிமன்றம் சொன்னது. தையல் மிஷின் கடைக்காரருடையது. எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்வதும் அவர். சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கே இருந்தது. உங்கள் ஆறு பேர் விஷயத்திலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு பர்சென்ட் பிடிப்பதும் உங்களைக் காப்பாற்றாது. 194சி பிரிவில் பிடித்ததால் ஒருவர் கான்ட்ராக்டர் ஆவதில்லை. அவர் கான்ட்ராக்டராக இருந்தால்தான் அந்தப் பிரிவே பொருந்தும்.

அப்ப எதை வெச்சுத்தான் முடிவு பண்றது? ஒரு லிஸ்ட் இருந்தா குடுங்க.

டிக் அடித்துக் கூட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு லிஸ்ட் சட்டத்தில் இல்லை. 1956-இல் முடிவான தாரங்கதாரா உப்பளத் தொழிலாளர் வழக்கில், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது, மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வந்திருக்கின்றன. அந்த "மொத்தம்" என்னவென்று விளக்க, ஒரே யூனிட்டுக்குள் வரும் இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன்.

முதலாமவர் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் டெய்லர் அக்கா. மிஷின், நூல், ஊசி, கரண்ட் எல்லாம் யூனிட்டுடையது. காலையில் கட்டிங் செக்ஷனிலிருந்து எந்தப் பண்டல் வருகிறதோ அதைத் தைக்கிறார். எந்த ஸ்டைல், எத்தனை தையல் என்பதையெல்லாம் சூப்பர்வைசர் சொல்கிறார். செக்கிங்கில் பீஸ் திரும்பினால் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறார். வர முடியாத நாளில் தனக்குப் பதிலாகத் தங்கையை அனுப்ப முடியாது. லீவு சொல்ல வேண்டும். திருப்பூர் பார்ட்டி பணம் தராமல் இழுத்தாலும், டெலிவரி லேட் ஆகிக் கழிவு போட்டாலும், அந்த நஷ்டம் இவர் தலையில் விழாது. அதேபோல, கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசி அதிக லாபம் பார்க்கும் வழியும் இவருக்குக் கிடையாது.

இரண்டாமவர் பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் வரும் மிஷின் மெக்கானிக். டூல்ஸ் அவருடையது. இந்த யூனிட்டுக்குப் போலவே வேறு நாலைந்து யூனிட்டுகளுக்கும் போகிறார். எப்போது வருவது என்பதை அவரே முடிவு செய்கிறார். தன்னால் வர முடியாவிட்டால் தன் பையனை அனுப்புகிறார். சரி செய்த மிஷின் அடுத்த நாளே நின்றால் தன் செலவில் மறுபடி வந்து பார்க்க வேண்டும். தன் பெயரில் பில் கொடுக்கிறார், விலையும் அவரே சொல்கிறார்.

இரண்டு பேருக்குமே மாதக் கடைசியில் வவுச்சர்தான் போடுகிறீர்கள் என்றாலும், அக்கா தொழிலாளி, மெக்கானிக் கான்ட்ராக்டர். எனக்குத் தெரிந்து இதில் அதிகம் பேசும் கேள்வி, நஷ்டம் யாருக்கு என்பதுதான். சொந்தப் பணத்தையோ பொருளையோ பணயம் வைக்காத ஒருவரைத் தனித் தொழில் நடத்துகிறார் என்று எந்த அதிகாரியிடமும் சொல்லி நிற்க முடியாது.

இருநூறு ரூபா முத்திரைத்தாள்ல "நான் இந்த யூனிட்டின் தொழிலாளி அல்ல"ன்னு கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோமே?

அந்தத் தாளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. நடப்பது என்ன என்றுதான் பார்ப்பார்கள். சட்டம் கொடுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கவும் முடியாது.

ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் அல்ல. கேஷ் புக், வவுச்சர் கட்டு, வருகைப் பதிவு, இவைதான். நான் பார்த்த ஒரு வவுச்சரில் மேலே "ஜாப் ஒர்க் சார்ஜ்" என்று அழகாக அச்சடித்திருந்தது. கீழே பேனாவில் "லேட் 3 நாள், கழிவு 150. தீபாவளி அட்வான்ஸ் பாக்கி 2,000" என்று எழுதியிருந்தது. லேட்டாக வந்ததற்குக் காசு பிடித்தால் அது தொழிலாளிக்குக் கொடுத்த கூலி. தீபாவளி அட்வான்ஸை மாதாமாதம் கழிப்பதும் அப்படித்தான். முத்திரைத்தாளில் எழுதிய நாலு பக்கத்தையும் இந்த ஒரு வரி அழித்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு லீவு சார்" என்று வந்த செய்தியும், யூனிட் பெயர் போட்ட ஐ.டி. கார்டும் அதே வேலையைச் செய்யும்.

நாங்க நேரடியா ஆள் எடுக்கலை. மேஸ்திரி ஒருத்தர் ஆள் கூட்டிட்டு வர்றார், அவருக்குத்தான் மொத்தமா பணம். இதுல எங்களுக்கு என்ன?

நிறைய இருக்கிறது. கேரளத்திலிருந்தே போன வழக்கு ஒன்று இதற்கு வழிகாட்டி. கோழிக்கோட்டில் கயிறு செய்யும் ஆலத்துத் தொழிற்சாலை, ஆட்களை இடைத்தரகர் மூலம் வைத்திருந்தது. அவர்கள் என் ஆட்கள் இல்லை என்று உரிமையாளர் ஹுசைன்பாய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஒரு கூட்டம் ஆட்கள் இன்னொருவரின் தொழிலுக்காகப் பொருள் செய்து கொடுக்கிறார்கள், அவர் வேலையை நிறுத்தினால் அவர்கள் பிழைப்பே போய்விடும் என்றால், அவர்தான் உண்மையான முதலாளி. நடுவில் யாரைக் காட்டினாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பி.எஃப். சட்டத்தில் இவ்வளவு வாதம்கூடத் தேவையில்லை. கான்ட்ராக்டர் மூலம் வைத்த ஆளும் தொழிலாளி என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. மேஸ்திரி கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். பிறகு அவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் அந்தக் கட்டத்தில் மேஸ்திரி போனை எடுக்க மாட்டார். மேஸ்திரிக்குச் சொந்தமாக பி.எஃப். கோடு நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாதாமாதம் அவர் கட்டிய செலானோடு ஆட்களின் பெயர்ப் பட்டியலையும் வாங்கி, அதில் உங்கள் யூனிட்டில் உட்காருகிறவர்களின் பெயர் இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுங்கள்.

வீட்ல வெச்சு பட்டன் கட்டித் தர்ற பெண்களும் இதுல வருவாங்களா?

வரலாம். வீட்டில் பீடி சுற்றுகிறவர்களும் பி.எஃப். சட்டப்படி தொழிலாளர்கள்தான் என்று 1985-இல் பி.எம். படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூலப்பொருள் உங்களுடையது, சரியில்லாததைத் தள்ளும் உரிமையும் உங்களுடையது என்றால், வேலை நடக்கும் இடம் வீடு என்பது பெரிய வித்தியாசம் இல்லை. எப்போதாவது ஒரு சீசனில், நாலு பேரிடமும் வேலை வாங்கும் பெண்களின் நிலை வேறு. வருஷம் முழுக்க உங்களுக்கு மட்டுமே செய்கிறவர்களைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பி.எஃப்.புக்கு இருபது பேர் வேணும்ல? எங்க ரிஜிஸ்டர்ல பதினஞ்சு பேர்தான். அப்ப பயமில்லைதானே?

சின்ன யூனிட்டுகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். எண்ணிக்கையில் ரிஜிஸ்டரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, தொழிலாளி என்ற வரையறைக்குள் வரும் எல்லோரும் சேர்வார்கள். உங்கள் 15 பேரோடு அந்த ஆறு டெய்லர்களையும் சேர்த்தால் 21. அந்த ஆறு பேருக்கு மட்டும் பி.எஃப். கட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். யூனிட் முழுவதுமே, இருபதைத் தொட்ட நாளிலிருந்து சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பி.எஃப்.புக்கு இருபது, இ.எஸ்.ஐ.க்குப் பத்து என்ற எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 21 பேருக்கும் மாதம் சராசரியாக 14,000 ரூபாய் கூலி, இரண்டு வருஷமாக இப்படி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். தொழிலாளி பங்கும் அதே 1,680. இன்சூரன்ஸுக்கு அரை சதவீதம் 70, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் 70. மொத்தம் 3,500. 21 பேருக்கு மாதம் 73,500. 24 மாதத்துக்கு 17,64,000 ரூபாய்.

இதற்கு மேல் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. முதல் மாதத்துக்கு இரண்டு வருஷத் தாமதம், கடைசி மாதத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை என்பதால், சராசரியாக ஒரு வருஷம் என்று எடுத்தால் சுமார் 2.1 லட்சம். டேமேஜஸ் என்று போடும் அபராதம் 2024 ஜூனிலிருந்து மாதத்துக்கு ஒரு சதவீதம். அதுவும் கிட்டத்தட்ட இன்னொரு 2.1 லட்சம். ஆக, "ஆறு பேர்தானே" என்று விட்டது 22 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆறு பேரின் பங்கை மட்டும் தனியே பார்த்தால் மாதம் 21,000, இரண்டு வருஷத்துக்கு 5,04,000. மீதி முழுவதும், இருபது என்ற கோட்டைத் தெரியாமல் தாண்டியதற்கான விலை.

ஒரு விலக்கு உண்டு. வேலைக்குச் சேரும்போதே அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000-க்கு மேல் வாங்கி, அதற்கு முன் பி.எஃப். உறுப்பினராகவும் இல்லாதவருக்குக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இருபது பேரை எண்ணும்போது அவரையும் எண்ணுவார்கள். இதையும் பலர் கவனிப்பதில்லை.

சரி, தப்பாயிடுச்சு. பழைய மாசத்துக்கெல்லாம் அவங்க பங்கை இனி வர்ற கூலியில கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கலாமா?

கூடாது. தொழிலாளி பங்கை அந்தந்த மாதக் கூலியில்தான் பிடிக்கலாம். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை போன்ற தற்செயலான தவறு என்றால் மட்டும் விலக்கு. தெரிந்தே கான்ட்ராக்டர் என்று காட்டியதை அப்படிச் சொல்ல முடியாது. மேலே போட்ட கணக்கில் தொழிலாளி பங்கு மட்டும் 8,46,720 ரூபாய். அதுவும் உங்கள் பையிலிருந்துதான் போகும். முதலாளி பங்கைக் காட்டி பீஸ் ரேட்டைக் குறைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

இ.எஸ்.ஐ. பதினஞ்சு பேருக்குக் கட்டறோம். இந்த ஆறு பேருக்குக் கட்டலைன்னா எவ்வளவு வரும்?

பணமாகப் பார்த்தால் சிறிய தொகைதான். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், சேர்ந்து நாலு. 14,000-க்கு மாதம் 560. ஆறு பேருக்கு 24 மாதத்தில் 80,640 ரூபாய், அதற்கு வட்டி வேறு. மாதக் கூலி 21,000 வரை உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மிஷின் ஊசி விரலில் இறங்கி உடைந்து எலும்பில் நிற்பது நம் தொழிலில் எல்லோரும் பார்த்த காட்சி. அயர்னிங் டேபிளில் கரண்ட் அடிப்பதும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்தால் அவருடைய சிகிச்சை, வேலைக்கு வர முடியாத நாட்களுக்கான பணம், விரல் போனால் மாதாமாதம் ஊனத் தொகை எல்லாம் கார்ப்பரேஷன் பொறுப்பு. பெயர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் கடன் வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். பிறகு அவர் தொழிலாளிதான் என்று தெரியவந்தால், இ.எஸ்.ஐ. அவருக்கு உதவியைக் கொடுத்துவிட்டு அந்தச் செலவை உங்களிடம் வசூலிக்கலாம். விபத்து நடந்த மறுநாள் அவசரமாகப் பெயரைப் பதிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பதிவு நேரமும் ஆஸ்பத்திரிச் சீட்டின் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது யார் கண்ணுக்கும் தப்பாது.

எங்க புரொடக்ஷன் மேனேஜர் "என்னை கன்சல்டன்ட்டா போட்டுடுங்க, டாக்ஸ் மிச்சம்"ங்கறார். செய்யலாமா?

தினமும் வந்து லைனை ஓட்டுகிறவர், உங்களுக்கு மட்டுமே வேலை செய்கிறவர் என்றால் அவர் ஊழியர். அவருக்கு உண்மையில் மிச்சமா என்பதையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

மாதம் ஒரு லட்சம் என்று வைப்போம். சம்பளமாகக் கொடுத்தால் வருஷத்துக்கு 12 லட்சம். அதில் 75,000 நிலையான கழிவு போக 11,25,000. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி பூஜ்யம். அதனால் டி.டி.எஸ். எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. அதையே கன்சல்டன்ட் ஃபீஸாகக் கொடுத்தால் 194ஜே பிரிவில் 10 சதவீதம், 1,20,000 ரூபாய் பிடிபட்டு, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஆக, சம்பளம் 12,75,000 வரை உள்ளவருக்குக் கன்சல்டன்ட் ஆவதால் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி போவதுதான் மிச்சம்.

மாதம் ஒன்றரை லட்சம் என்றால் கதை மாறும். சம்பளமாக 18 லட்சத்துக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1,50,800 வரும். கன்சல்டன்ட் என்று காட்டி, 44ஏடிஏ பிரிவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டினால் 9 லட்சம், வரி பூஜ்யம். பிடித்த 1,80,000-மும் ரீஃபண்டாக வந்துவிடும். ஆசை வருவது இந்த வித்தியாசத்தால்தான். வருமான வரித் துறையும் இதே இடத்தைத்தான் பார்க்கிறது. ஒரே நிறுவனத்திலிருந்து பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை டி.டி.எஸ். ரிட்டர்னான 26கியூ-வில் ஏறியிருப்பதைப் பார்த்தாலே கேள்வி வரும். சம்பளம்தான் என்று முடிவானால் அவர் வட்டியோடு கட்ட வேண்டும்.

யூனிட்டுக்கு நேரடி ஆபத்து, அவருக்கு 194சி-யில் ஒரு சதவீதம் பிடித்து வைத்திருந்தால். 18,000 பிடித்திருப்பீர்கள், பிடித்திருக்க வேண்டியது 1,50,800. குறைவு 1,32,800. அதற்கு மாதம் ஒரு சதவீத வட்டி, குறைந்த தொகை அளவுக்கு அபராதம் வரவும் வழி உண்டு. மேனேஜர் அந்த வருமானத்தை ரிட்டர்னில் காட்டி வரியைக் கட்டியிருந்தால், ஆடிட்டரிடம் 26ஏ படிவத்தில் சான்று வாங்கிக் கொடுத்து அசல் தொகையிலிருந்து தப்பலாம். வட்டி மட்டும் நிற்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. சம்பளத்துக்கான பழைய 192, புதிதில் 392. கான்ட்ராக்ட், ஃபீஸ் எல்லாம் 393. எல்லோர் வாயிலும் பழைய எண்களே இருப்பதால் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

நான் தைக்கிறவ. மாசாமாசம் ஒரு பர்சென்ட் பிடிச்சுக்கறாங்க. அந்தப் பணம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா அண்ணா?

கிடைக்கும் அம்மா. மாதம் 14,000 என்றால் வருஷத்துக்கு 1,68,000. உங்களுக்கு வரியே கிடையாது. பிடித்தது வருஷத்துக்கு 1,680 ரூபாய் இருக்கும். பான் கார்டு எண்ணை வைத்து வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்ற பக்கத்தைத் திறந்தால், யூனிட் உங்கள் பெயரில் கட்டியிருக்கிறதா என்று தெரியும். கட்டியிருந்தால் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கூலியில் பிடித்துவிட்டு அந்தப் பக்கத்தில் ஏறவே இல்லை என்றால், வவுச்சரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு யூனிட்டில் கேளுங்கள். உங்கள் பான் எண்ணை யூனிட்டில் கொடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். கொடுக்காவிட்டால் ஒன்றல்ல, 20 சதவீதம் பிடிக்கச் சட்டம் சொல்கிறது.

பி.எஃப். வேண்டும் என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் வேலை செய்த நாட்களைக் காட்டும் எதையும், பண்டல் சீட்டு, கூலி எழுதிய நோட்டு, பேங்கில் வந்த பணத்தின் விவரம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டெய்லருங்க பாதிப் பேர் கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரங்க. யூனிட் கேரளாவுல. எந்த ஊர் சட்டம்?

வேலை நடக்கும் இடத்தின் சட்டம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரி மூன்றும் மத்திய சட்டங்கள் என்பதால் எல்லை தாண்டினாலும் மாறாது. தொழில் வரியை யூனிட் இருக்கும் கேரளப் பஞ்சாயத்துக்கு அரையாண்டுக்கு ஒருமுறை பிடித்துக் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. பதிவின்போது தொழிலாளி தன் வீட்டுக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டுப் பக்கத்து டிஸ்பென்சரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்ப சரி பண்ணணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது?

முதலில் பழைய வவுச்சர்களை எடுத்து, மாதவாரியாக எத்தனை தலைகள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரிஜிஸ்டர் ஆட்கள், பீஸ் ரேட் ஆட்கள், மேஸ்திரி ஆட்கள் எல்லோரும். இருபதை முதலில் எந்த மாதம் தொட்டது என்று தெரிந்தால்தான் பாக்கி எவ்வளவு என்பதே தெரியும். நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே அந்தத் தேதியைச் சொல்லிப் பதிவு செய்வதற்கும், அதிகாரி கண்டுபிடித்து 7ஏ விசாரணையில் உட்காருவதற்கும் நிறைய வித்தியாசம். விசாரணையில் நீங்கள் கணக்கு காட்டாவிட்டால், கையில் கிடைத்ததை வைத்து அவர்களே தொகையை முடிவு செய்வார்கள்.

விடுபட்டவர்களைச் சேர்க்க பி.எஃப். நிறுவனம் அவ்வப்போது சலுகைத் திட்டம் அறிவிக்கும். 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரைக்கும் அப்படி ஒன்றை அறிவித்தது. 2017 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை விடுபட்டவர்களைச் சேர்த்தால், கூலியில் பிடிக்காத தொழிலாளி பங்கு தள்ளுபடி, டேமேஜஸ் வெறும் 100 ரூபாய். நம் உதாரணத்தில் தொழிலாளி பங்கு மட்டுமே சுமார் 8.5 லட்சம் என்பதை நினைத்துப் பாருங்கள். பதிவு செய்யும் நாளில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் செலான் போட வேண்டும்.

அடுத்த மாதக் கூலியிலிருந்து அந்த ஆறு பேரையும் சம்பளப் பட்டியலுக்குக் கொண்டுவாருங்கள். பீஸ் ரேட்டை மாற்ற வேண்டியதில்லை. எத்தனை பீஸ், என்ன ரேட், எவ்வளவு பிடித்தம் என்று ஒரு சீட்டு கொடுத்தால் போதும். அவர்களுக்கு 194சி பிடிப்பது நிற்கும். ஆதார் வைத்து யூ.ஏ.என். எடுக்கும்போது பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். மலையாளத்திலும் தமிழிலும் இனிஷியல் மாறி மாறி விழுந்த பெயர்கள்தான் பிறகு பணம் எடுக்கும்போது சிக்குகின்றன.

இருபதும் பத்தும் தாண்டியவுடன் போனஸ், கிராஜுவிட்டியும் கூடவே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐந்து வருஷம் தைத்து 14,000 வாங்கியவர் விலகினால் கிராஜுவிட்டி சுமார் 40,400 ரூபாய்.

பழைய தேதி போட்டுப் புது ஒப்பந்தம் எழுதும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முத்திரைத்தாள் விற்ற தேதி அதன் பின்புறத்திலேயே இருக்கும்.

அப்ப யாரைத்தான் உண்மையான கான்ட்ராக்டரா வெச்சுக்க முடியும்?

பவர் டேபிள் வைத்திருப்பவரை. வேலந்தாவளத்தில் ஒருவர் சொந்தக் கொட்டகையில் சொந்தமாகப் பத்து மிஷின் போட்டு, தன் ஆட்களை வைத்து, உங்களிடமும் வேறு இரண்டு யூனிட்டுகளிடமும் கட்டிங் பீஸ் வாங்கித் தைத்துத் தருகிறார் என்றால் அது உண்மையான ஜாப் ஒர்க். அவர் பில் கொடுப்பார். கெட்டுப்போன பீஸுக்கு அவரிடமே கழிப்பீர்கள். வருஷத்துக்கு ஒரு லட்சத்தையோ, ஒரே பில்லில் 30,000-ஐயோ தாண்டினால் தனி ஆளுக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம் 194சி-யில் பிடிப்பீர்கள். அவருடைய ஆட்களுக்கு அவர் பொறுப்பு. அவரே அந்தப் பத்து மிஷினையும் உங்கள் கொட்டகைக்குள் கொண்டு வந்து போட்டு, உங்கள் சூப்பர்வைசர் அவற்றின் நடுவே நடக்க ஆரம்பித்தால், முதல் கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பதிவு பண்ணின பிறகு ஆள் குறைஞ்சு பதினாறு ஆயிட்டா பி.எஃப். நிறுத்திடலாமா?

முடியாது. ஒருமுறை உள்ளே வந்த யூனிட், ஆள் இருபதுக்குக் கீழே போனாலும் உள்ளேதான். அந்தப் பதினாறு பேருக்கும், புதிதாகச் சேரும் பதினேழாவது ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.